நம்பர் தர யோசித்தால் ஏமாற்றுக்காரனா?

ஞாயிற்றுக்கிழமை அந்த வாட்ஸப் குழுவில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஸ்க்ரீன்ஷாட்டும் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. "பழைய கஸ்டமர் அஞ்சு பேர் நம்பர் கேட்டேன், மழுப்புறார், அப்ப ஏதோ இருக்கு" என்று, என்னிடம் கிச்சன் வேலைக்கு விசாரித்த ஒருவர் என்னைப் பற்றிப் போட்ட அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நான் அனுப்பிய பதில் இதுதான்: "கண்டிப்பா தர்றேன் சார். முதல்ல வீட்டைப் பார்த்து அளவெடுத்து எஸ்டிமேட் தர்றேன். பட்ஜெட் ஒத்துவந்து, என்கிட்ட கொடுக்கலாம்னு தோணினா சொல்லுங்க. உங்களது மாதிரியே கிச்சன் செஞ்ச ரெண்டு வீட்ல கேட்டுட்டு நம்பர் தர்றேன். பேசிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுத்தா போதும்." இதில் எந்த வரி மழுப்பல்?

மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் செய்கிறவன் நான். ஒரு வீட்டில் வாரக்கணக்கில் வேலை செய்தால் பீரோவுக்குள் லாக்கர் எந்தப் பக்கம், பகலில் வீட்டில் யார் தனியாக இருப்பார்கள் எல்லாம் தெரிந்துவிடும். அந்த நம்பிக்கையில்தான் அவர்கள் நம்பர் என் போனில் இருக்கிறது. அது என் நம்பர் இல்லை. கேட்காமல் எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா வீட்டில் வேலை செய்தேன். அவர்களாகவே "யாரா இருந்தாலும் பேசச் சொல்லுப்பா" என்றார்கள். ஒருவருக்கு நம்பர் கொடுத்தேன். அவர் இரவு ஒன்பதரைக்குக் கூப்பிட்டு, வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சதுர அடி என்ன ரேட், மொத்தம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டு, "உங்களை நல்லா ஏமாத்திட்டாங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர்கள் வீட்டில் போட்டது தண்ணீர் தாங்கும் ஐஎஸ் 710 பிளைவுட். போன் செய்தவர் மனதில் வைத்திருந்தது பொது உபயோக ரகமான ஐஎஸ் 303 ரேட். இரண்டும் ஒரே விலைக்கு வராது. இது தெரியாமல் டீச்சரம்மா இரவு முழுக்கத் தூங்கவில்லை. காலையில் அவர்கள் குரலில் இருந்த கலக்கம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"மறைக்க ஒன்றும் இல்லையென்றால் ஏன் தயக்கம்?" என்கிறார்கள். சரி, உங்கள் நம்பரை நான் முகம் தெரியாத ஐந்து பேருக்குக் கொடுக்கட்டுமா? உங்கள் வேலையும் ஒருநாள் முடியும், நீங்களும் பழைய கஸ்டமர் ஆவீர்கள்.

"அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஓடியவர்கள் இருக்கிறார்களே" என்பது நியாயமான பயம். ஆனால் அதற்கு மருந்து ஐந்து போன் நம்பரா? ஏமாற்றுகிறவன் தன் உறவினர் நம்பரைக் கொடுத்துப் புகழ வைக்க எத்தனை நேரம் ஆகும்? பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். பிளைவுட் வந்து இறங்கியதும் பலகையில் ஐஎஸ்ஐ முத்திரையும் 710 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த தவணையைக் கொடுங்கள். கடைசித் தொகையைக் கதவெல்லாம் மாட்டிச் சரிபார்த்த பிறகு கொடுங்கள்.

ரெஃபரன்ஸ் கேட்கவே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? கேளுங்கள். ஆனால் போன மாதம் முடிந்த வீட்டைக் கேட்டு என்ன பயன்? புதுசில் எல்லா கிச்சனும் பளபளவென்றுதான் இருக்கும். இரண்டு மழைக்காலம் பார்த்த வீடாகக் கேளுங்கள். சிங்க் அடியில் இருக்கும் கேபினட்டின் அடிப்பலகை உப்பியிருக்கிறதா, பலகை ஓரத்தில் ஒட்டிய எட்ஜ் பேண்ட் பிரிந்திருக்கிறதா, கதவு தொங்கிப்போய் இடைவெளி கோணலாகிவிட்டதா என்று விசாரியுங்கள். முக்கியமாக, பணம் முழுதும் வாங்கிய பிறகு ஒரு கீல் பழுதென்று கூப்பிட்டால் ஆள் வந்தாரா என்று கேளுங்கள். இதையெல்லாம் அந்த வீட்டுக்காரர் சந்தோஷமாகச் சொல்வார். ரேட் மட்டும் அவரிடம் கேட்காதீர்கள், என்னிடம் கேளுங்கள்.

எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. அளவெடுக்கக்கூட விடாமல், முதல் மெசேஜிலேயே ஐந்து நம்பர் கேட்கிறவர்களில் பலர் வேலை கொடுப்பதே இல்லை. சிலர் புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள், என் கஸ்டமரைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். அளவெடுக்க விடுகிறவர்களிலும் சிலர், நான் இலவசமாகப் போட்டுக் கொடுத்த டிராயிங்கை இன்னொரு ஆசாரியிடம் காட்டி ரேட் பேசுகிறார்கள். அந்த டிராயிங்குக்கு உட்கார்ந்த இரவுகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இத்தனைக்குப் பிறகும் குழுவில் எனக்குக் கிடைத்த பெயர் மழுப்புகிறவன்.

இனிமேலும் இப்படித்தான் செய்வேன். ஒவ்வொரு முறையும் அந்த வீட்டாரைக் கூப்பிட்டு, யார் பேசுவார், எதற்காக, எந்த நேரம் சரிப்படும் என்று கேட்ட பிறகுதான் நம்பர். வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன், காரணம் கேட்க மாட்டேன். ஒரே வீட்டை அடிக்கடி தொந்தரவு செய்யவும் மாட்டேன். டீச்சரம்மா நம்பர் யாருக்கும் கிடையாது.