பாண் ஓட்டோவும் எங்கட டைகரும்

கல்லடியில எங்கட ஒழுங்கையால போற எல்லாருக்கும் டைகரத் தெரியும், முகத்தால இல்ல சத்தத்தால. கம்பிக் கேற்றுக்குள்ள மூக்க விட்டுக்கொண்டு ரியூசன் பொடியன்கள், மீன்காரர், சைக்கிள்ல போறவங்க ஒருத்தரயும் விடமாட்டான். உச்சக்கட்டம் பின்னேரம் வாற பாண் ஓட்டோதான். பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் வேலிக்கு மேலால எட்டிப் பாத்து, "புள்ள, உங்கட நாய்க்குப் பயந்து பாண்காரன் எங்கட படலையடியிலயும் நிப்பாட்டுறானில்ல" எண்டு சொன்னா. எனக்கு வெக்கமாப் போச்சு.

முதல்ல நானும் எல்லாரும் செய்யிறதத்தான் செஞ்சன், குசினிக்குள்ள நிண்டு "டேய் சும்மா இரு" எண்டு கத்தினன். அது அவனுக்கு நானும் சேந்து குரைக்கிற மாதிரித்தான், இன்னும் கூடக் குரைச்சான். மறுகா யோசிச்சுப் பாத்தா அவன்ட பக்கத்தால நியாயம் இரிக்கு. ஆள் வருது, இவன் குரைக்கிறான், ஆள் போகுது. அந்த ஆள் தன்ட வேலைக்குத்தான் போகுது, ஆனா டைகருக்கு அது தெரியுமா? "நான்தான் கலைச்சன்" எண்டு நினைக்கிறான். ஒருநாளைக்கு முப்பது நாப்பது தரம் இப்பிடி வெண்டா எந்த நாய் விடும்?

அதால முதல் வேலையா கேற்றுட கீழ்ப்பாதிய உள்பக்கமா கிடுகால மறைச்சுக் கட்டினம், அவன்ட கண்மட்டத்துக்கு மேல நாலு விரல் கூட. ரியூசன் பொடியன்களுக்குக் குரைக்கிறது அதோட நல்லாக் குறைஞ்சுது, காணாட்டி அவனுக்கு வேலை இல்லையே. வீட்டில ஆள் இல்லாத நேரம் முன் வளவுல விடாம பின்பக்கம் விட்டம். கட்டிப் போடயில்ல, கட்டின நாய் ஓடி ஒதுங்க வழியில்லாம இன்னும் கடுப்பாகும்.

ஆனா பாண் ஓட்டோவ கிடுகால மறைக்க ஏலாதே, அது பாட்டோட வருது. பீத்தோவன்ட மியூசிக்காம், டைகருக்கு அது யுத்தப் பறை. ஆனா பழக்குறதுக்கு இதவிட நல்ல சாமான் கிடையாது எண்டு பிறகுதான் விளங்கிச்சு, ஏனெண்டா சத்தம் தூரத்தில சின்னனாத் தொடங்கி மெல்ல மெல்லக் கூடி வந்து திரும்பக் குறையும், நாங்க கேட்டாலும் அப்பிடி ஒழுங்காச் செஞ்சு தர ஆள் இல்ல.

செஞ்சது இதுதான். உப்பு, வெங்காயம் ஒண்டும் போடாம அவிச்ச கோழி இறைச்சிய நகமளவுக்குப் பிச்சு எடுத்துக்கொண்டு பின் விறாந்தையில, கேற்றில இருந்து எவ்வளவு தூரம் போக ஏலுமோ அவ்வளவு தூரத்தில அவனோட இருந்தன். (கருவாடு குடுக்கலாமெண்டு இவர் சொன்னார், உப்பு கூட, வேணாம்.) தூரத்தில மியூசிக் கேக்கும், அவன்ட காது நிமிரும், வாய் மூடும், உடம்பு விறைக்கும். குரைக்க முந்தி இருக்கிற அந்த ரெண்டு செக்கன்லதான் இறைச்சி வாய்க்குள்ள போகணும். மியூசிக் கேக்குமட்டும் ஒவ்வொரு துண்டாப் போகும், மியூசிக் நிண்டா இறைச்சியும் நிக்கும். மியூசிக் முதல், இறைச்சி பிறகு, இது மாறக்கூடாது.

நான் விட்ட பிழை என்னெண்டா முதல் கிழமை அவன் குரைச்ச பிறகு கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடுத்தது. கள்ளன், கேற்றடிக்கு ஓடி ரெண்டு குரை குரைச்சிட்டு நேரா என்னட்ட வந்து வாயத் திறந்துகொண்டு நிப்பான்! இன்னொரு நாள் அவசரப்பட்டு கேற்றுக்குக் கிட்டக் கொண்டு போனன், இறைச்சியத் திரும்பியும் பாக்கயில்ல. விருப்பமான சாப்பாட்ட விட்டாலோ விரலையும் சேத்துக் கவ்வினாலோ கிட்டப் போயிற்றம் எண்டு அர்த்தம், பின்னுக்கு வரணும்.

மூண்டு கிழமைக்குப் பிறகு ஒருநாள் மியூசிக் கேட்டதும் கேற்றுக்கு ஓடாம கிறுகி என்ட கையப் பாத்தான். அதுக்குப் பிறகுதான் ரெண்டு மூண்டு நாளைக்கொருக்கா கொஞ்சம் கொஞ்சமா முன்பக்கம் நகந்தம்.

இடையில ஒரு சொந்தக்காரர் குரைச்சா கரண்ட் அடிக்கிற பட்டி ஒண்டு வாங்கச் சொன்னார். எனக்கு அதில துளியும் உடன்பாடில்ல. ரியூசன் பொடியன் போகக்குள்ள கழுத்தில சுரீர் எண்டா, நாய் தன்ட குரைப்ப இல்ல, அந்தப் பொடியனத்தான் பிழையா நினைக்கப் பாக்கும். பிறகு குரைக்காமலே கடிக்கிற நாய வளவுக்குள்ள வச்சிருக்கணும்.

"அப்ப கள்ளன் வந்தா?" எண்டு எல்லாரும் கேக்குறாங்க. ராவில ஆள் கேற்றத் தொட்டா இப்பவும் குரைக்கிறான், நாங்க எழும்பிப் பாத்து "சரி, காணும் வா" எண்டா வாறான். பேசாம கிடந்த நாய், அதுவும் வயசான நாய், திடீரெண்டு குரைக்கத் தொடங்கினா மட்டும் பழக்குறத விட்டிட்டு மிருக வைத்தியரிட்டக் காட்டுங்க, நோவு இருக்கலாம், கண் காது மங்கியிருக்கலாம்.

இப்ப பாண்காரர் எங்கட கேற்றடியிலயே நிப்பாட்டுறார், மாமி வந்து பணிஸ் வாங்கிக்கொண்டு போறா. மாடு போனா மட்டும் இன்னும் குரைக்கிறான், கிடுகுக்கு மேலால கொம்பு தெரியுதாம்.