கம்பி பாதி மெலிந்தால் நீளம் இரு மடங்கா?

“கம்பியை இழுத்து விட்டத்தைப் பாதியாக்கினால் நீளம் இரண்டு மடங்காகும்.” யாழ்ப்பாணத்துச் சாதாரண தர மாணவர்களிடையே வட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்பு இது.

தவறு. நான்கு மடங்காகும். இழுக்கும்போது உலோகம் எங்கும் போவதில்லை, கனவளவு மாறாது. கனவளவு என்பது குறுக்குவெட்டுப் பரப்பளவு பெருக்கல் நீளம். பரப்பளவோ ஆரையின் வர்க்கத்தைப் பொறுத்தது. பரப்பளவு பாதியானால்தான் நீளம் இரட்டிக்கும். குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு நகைப் பட்டறையில் 2 மி.மீ. விட்டமும் 30 செ.மீ. நீளமும் உள்ள வெள்ளிக் கம்பியை இழுப்பதாக வைப்போம். துளைத் தகட்டின் 1.8 மி.மீ. துளையைத் தாண்டியதுமே அது ஏறக்குறைய 37 செ.மீ. ஆகிவிடும். 1 மி.மீ. வரை இழுத்தால்:

π × 1² × 300 = π × 0.5² × L
L = 1200 மி.மீ.

அதாவது 120 செ.மீ. சந்தேகமென்றால் தராசில் வையுங்கள்: தூய வெள்ளியென்றால் முன்னும் பின்னும் ஏறக்குறைய 10 கிராம்தான். குறடு பிடிப்பதற்காக அராவிக் கூராக்கிய நுனியை வெட்டி எறிவதால், கையில் கிடைக்கும் நீளம் சற்றுக் குறையும். அது கணக்கின் பிழையல்ல. பரீட்சையில் அந்த நுனி வராது. விட்டத்தை ஆரையாக மாற்ற மறப்பதும் இங்கே விடையைக் கெடுக்காது, இரு பக்கமும் விட்டத்தையே போட்டிருந்தால்.