பணிவன்புடன் மூவாயிரம் ரூபாய்

வீட்டு ஒப்பந்தம் முடியும் மாதத்தில், அழைப்பிதழ் போன்ற அழகான உறையில், "தங்களைப் போன்ற நல்ல குடித்தனக்காரர் அமைவது எங்கள் பாக்கியம்" என்று தொடங்கி ஒரு கடிதம் வந்தால், அது எங்கே போய் முடியும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. சாலிகிராமத்தில் எண்ணூறு சதுர அடி வீட்டுக்கு நான் கொடுத்துவரும் 22,000 ரூபாய், அடுத்த மாதம் முதல் 25,000 ஆகிறதாம். வாடகை உயர்வு ஒப்பந்தத்தில் எழுதியபடிதான் இருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. எங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதோ ஐந்து சதவீதம், அதாவது 1,100 ரூபாய். மீதி 1,900 ரூபாய்க்கு உரிய நியாயங்களைத்தான் ஐயா அவர்கள் இரண்டு பக்கங்களில் பொறுமையாக எடுத்துரைக்கிறார்.

முதல் நியாயம் 2022இல் உயர்ந்த சொத்து வரி. இந்த அளவு வீட்டுக்கு 75 சதவீதம் கூடியது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அரையாண்டுக்கு 1,600 ரூபாயாக இருந்தது 2,800 ஆனது என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறாரே! ஆண்டுக்கு 2,400, மாதத்துக்கு இருநூறு ரூபாய். அந்த இருநூறையும் சென்ற முறை புதுப்பித்தபோதே இதே வரியைச் சொல்லி வாங்கியாயிற்று. ஒரே வரியை எத்தனை முறைதான் நான் கட்டுவது?

இரண்டாவது நியாயம், மெட்ரோ ரயிலால் இப்பகுதியின் மதிப்பு கூடியது. ஆற்காடு சாலையில் தூண் எழும்பிய ஆண்டுகளில் தகரத் தடுப்புகளுக்கு நடுவே தூசியைத் தின்றுகொண்டு அலுவலகம் போனவன் நான். அப்போது மதிப்பு குறைந்ததென்று ஒரு ரூபாயாவது வாடகையில் கழித்தாரா என்று கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடும்.

கடிதம் வாய் திறக்காத விஷயம் ஒன்று உண்டு. சட்டம் சொல்லும் முன்பணம் மூன்று மாத வாடகை. சென்னை வழக்கப்படி நான் கொடுத்து வைத்திருப்பது பத்து மாத வாடகை, 2,20,000 ரூபாய். ஆறு சதவீத வட்டி என்றாலும் ஆண்டுக்கு 13,200, மாதம் 1,100 ரூபாய். ஒப்பந்தம் அனுமதிக்கும் உயர்வு எவ்வளவோ, அதே தொகையை மாதந்தோறும் அவர் ஏற்கெனவே சத்தமில்லாமல் பெற்றுக்கொண்டிருக்கிறார். போதாதென்று, புதிய வாடகைக்கு ஏற்ப முன்பணத்தை 2,50,000 ஆக்கும்படி "அன்புடன்" வேண்டுகிறார்.

இவ்வளவையும் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தவன், கடைசி வரியில் தோற்றுப்போய்ச் சிரித்துவிட்டேன். உயர்வு உடன்பாடில்லை எனில் தாராளமாகக் காலி செய்துகொள்ளலாமாம். வழக்கப்படி வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படுமாம், "புதிய வாடகையின்படி".