ஒட்டகம் எப்போது கத்துவதை நிறுத்துகிறது?

நாலு நாளாக ஒரு வீடியோ என் பக்கத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ராஜஸ்தானில் ஏதோ ஒரு மண்ரோட்டோரம் ஒட்டகத்தைப் படுக்க வைத்துச் சுமை ஏற்றுகிறார்கள். அது வாயைப் பிளந்து, கழுத்தை நீட்டி, வயிற்றுக்குள்ளிருந்து அழுவது போலக் கதறுகிறது. கீழே பாதிப் பேர் "படுபாவிகள், வாயில்லா ஜீவனை இப்படியா வதைப்பது" என்கிறார்கள். மீதிப் பேர் "ஒட்டகம்னாலே திமிர் பிடிச்சது, சும்மாவே கத்தும், துப்பும்" என்கிறார்கள். அனுப்பியவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது, எது சரி என்று.

இரண்டுமே தவறு என்றுதான் சொல்வேன். பாலி, ஜோத்பூர் மாவட்டங்களில் ஆறு வருஷம் கால்நடை மருத்துவனாக இருந்தேன். ரைக்கா சமூகத்து ஆட்டு மந்தைகளோடுதான் பெரும்பாலும் வேலை. அவர்கள் தீபாவளி முடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பினால் மழைக்காலத்துக்குத்தான் ஊர் திரும்புவார்கள். பல குடும்பங்கள் சேர்ந்து போகும் அந்தக் கூட்டத்துக்கு 'டாங்' என்று பெயர். வீடு மொத்தமும் ஒட்டகத்தின் முதுகில் போகும். கயிற்றுக் கட்டில், ரஜாய், பாத்திரம், தண்ணீர் கேன், முந்தின நாள் பிறந்து இன்னும் நடக்கத் தெரியாத ஆட்டுக்குட்டிகள், எல்லாம். விடியற்காலையில் அதை ஏற்றிக் கட்டுவது பெரும்பாலும் பெண்கள்தான்.

அந்த விடியற்காலையை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் வீடியோவில் தெரியாதது தெரியும். அந்த அம்மா கையில் கயிற்றோடு இருபது அடி தூரத்தில் வரும்போதே ஒட்டகம் ஆரம்பித்துவிடும். யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், முதுகில் ஒரு துணிகூட இருக்காது. 'ஜே, ஜே' என்று சொல்லி மூக்கணாங்கயிற்றை மெல்லக் கீழே இழுத்தால் முன்னங்கால்களை மடிக்கும், பிறகு பின்னங்கால்கள், கடைசியில் நெஞ்சுக்குக் கீழே இருக்கும் தடித்த திட்டு மண்ணில் பதியும். அதுவரைக்கும் ஒரே முனகல். பாதியில் எழுந்துவிடாமல் இருக்க மடித்த முன்னங்காலைக் கயிற்றால் கட்டுவார்கள். (அரபுக்காரர்கள் தலைத்துணிக்கு மேல் வளையமாகப் போடும் கறுப்புக் கயிற்றுக்கு 'இகால்' என்று பேர். ஒட்டகத்தின் காலைக் கட்டும் கயிற்றுக்கும் அதே பேர்தான். வளைகுடாவில் இருக்கும் நண்பர்களுக்கு இது தெரிந்திருக்கும்.) சேணத்தை வைக்கும்போது கத்தும். கட்டிலைக் கவிழ்த்து ஏற்றும்போது கத்தும். ஏதோ மறந்துபோய் ஒரு மூட்டையைத் திரும்ப இறக்கினால் அதற்கும் அதே கத்தல்! எடை குறைகிறதே என்ற நிம்மதியே அதில் கேட்காது.

கத்தல் வலியிலிருந்து மட்டும் வருவதாக இருந்தால் கயிற்றைக் கண்டதும் ஏன் வரவேண்டும்? இறக்கும்போது ஏன் வரவேண்டும்? தாயைப் பிரிந்த ஒட்டகக் குட்டி எழுப்பும் குரலைக் கேட்டவர்களுக்கு இந்தக் கத்தலின் சாயல் புரியும். மூன்று வயதை ஒட்டி மூக்குத் துளையிட்டுப் பழக்கும்போது, மந்தையிலிருந்து தனியாகப் பிடித்து, மூக்கில் இழுபட்டு, பழகாத ஆள் சொல்லிப் படுக்கிற முதல் நாட்களில் அந்தக் குரல்தான் வருகிறது. அப்புறம் படு என்றாலே அந்தக் குரல் கூடவே வரப் பழகிவிடுகிறது என்பது என் எண்ணம். அதை ஒரு மறுப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். 'எனக்கு இது வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டே செய்வது. அடித்தும் இழுத்தும் பழக்கிய ஒட்டகம் கூடுதலாகக் கத்தும், பொறுமையாகப் பழக்கியது குறைவாகக் கத்தும். முழுக்க வாய் மூடிப் படுக்கும் ஒட்டகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

எழும்போது வரும் உறுமல் வேறு விஷயம். அது உழைப்பின் சத்தம். ஒட்டகம் முதலில் பின்பக்கத்தைத் தூக்கும். அந்தக் கணத்தில் முதுகில் இருக்கும் நூற்றைம்பது கிலோவும் முன்னால் சரிந்து தோள் பக்கம் வந்து மோதும். பிறகு முன்னங்கால்களை ஊன்றி எழுந்ததும் அத்தனையும் பின்னால் சாயும். மூட்டையைத் தலைக்கு ஏற்றும்போது நம் ஆட்களும் 'ஹூம்' என்று ஒரு மூச்சு விடுவார்களே, அதேதான். ஒரு பக்கம் கனம் கூடினால் எழும் வேகத்தில் சுமை சுழன்று வயிற்றுக்கு வந்துவிடும். அதனால்தான் இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று ஒரே நேரத்தில் ஏற்றுவார்கள்.

எழுந்து நாலு காலில் நின்றதும் நல்ல ஒட்டகம் வாயை மூடிவிடும். பத்து இருபது அடி நடந்தபின் அசை போட ஆரம்பித்தாலும் ஆச்சரியமில்லை. வீடியோக்காரர்கள் அதற்கு முன்னாலேயே கேமராவை அணைத்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு ஆதங்கம்.

துப்புவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாயில் ஊறிய எச்சிலைக் குறிபார்த்து நம் மேல் உமிழ்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். வருவது இரைப்பையிலிருந்து மேலே கொண்டுவந்த அரைகுறையாகச் செரித்த தழை. பச்சையாக, புளித்த நாற்றத்தோடு இருக்கும். ஒட்டகம் மேய்ந்ததைப் பிறகு அசை போடும் பிராணி. அசை போடும் நேரத்தில் பதறிப்போனால் வாய்க்கு வந்தது கத்தலோடு சேர்ந்து தெறிக்கிறது. பயத்தில்தான் துப்புகிறது, அதிலும் பழக்கமில்லாத ஆள் விறுவிறுவென்று நேரே வரும்போதுதான். கன்னம் உப்புவதைக் கவனித்தால் இரண்டடி விலக நேரம் இருக்கும். ஆறு வருஷத்தில் என் சட்டையில் பட்டதெல்லாம் ஊசியோடு அவசரப்பட்டு நெருங்கிய நாட்களில்தான்.

சுமை ஏற்றும்போது வரும் கத்தல், எழும்போது வரும் உறுமல், இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது சத்தம் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் ஆண் ஒட்டகத்துக்கு 'மஸ்தி' வரும், இணைசேரும் பருவத்து வெறி அது. அப்போது வாயின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக பலூன் மாதிரி ஒன்று தொங்கும், கூடவே தண்ணீருக்குள் காற்று ஊதுவது போலக் களகளவென்று ஒரு சத்தம். நாக்கு வெளியே வந்துவிட்டது என்று என்னிடம் ஓடி வந்தவர்கள் உண்டு. அது நாக்கில்லை, மேலண்ணத்தின் மெல்லிய சதை காற்று நிறைந்து வெளியே வருவது. வாயெல்லாம் நுரை, பின்னந்தலையில் கறுப்பாக நாற்றமடிக்கும் கசிவு, பல் நறநறவென்று அரைபடும். சுமை ஏற்றும்போது கத்துகிற ஒட்டகத்தின் பக்கத்தில் பயமில்லாமல் நிற்கலாம். இதன் பக்கத்தில் நிற்கக் கூடாது. கடித்தால் எலும்பு நொறுங்கும், ஆள் செத்திருக்கிறார்கள்.

மஸ்தியில் இருக்கும் ஆண் சரியாகத் தின்னாது. இரண்டு மூன்று மாதத்தில் உடம்பு வற்றி, திமில் சுருங்கி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நான் சொல்ல வந்த சம்பவம் இங்கேதான் தொடங்குகிறது.

ஏப்ரல் மாதம். கோதுமை அறுத்த தரிசில் ஒரு டாங் தங்கியிருந்தது. ஆடுகளுக்கு மருந்து கொடுக்கப் போயிருந்தேன். நான் 'காகி' என்று கூப்பிடும் (நம் ஊரில் சித்தி என்போமே, அப்படி) ஓர் அம்மா வந்து, "டாக்டர் சாப், என் ஒட்டகத்தை ஒரு தடவை பாருங்கள், சத்தம் சரியில்லை" என்றார். நானும் அந்தக் காலையில் அது கத்துவதைக் கேட்டிருந்தேன். "ஒட்டகம் கத்தாமல் இருக்குமா காகி?" என்று சொல்லிவிட்டு ஆடுகளிடம் போய்விட்டேன். அந்தச் சொல்லுக்கு இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

இரண்டு நாள் கழித்து அவரே என்னை நிறுத்தினார். "தினமும் எழுந்ததும் வாயை மூடிவிடும். இப்போது நடக்கும்போதும் முனகுகிறது. வாரை இறுக்கினால் தலையைத் திருப்பி இடது பக்கம் கடிக்க வருகிறது." அப்போதுதான் போய்ப் பார்த்தேன். சேணத்தை இறக்கியதும் வெளியே ஒன்றும் தெரியவில்லை. அரை மணி நேரம் காத்திருந்து கையை வைத்துத் தடவினேன். திமிலுக்கு முன்னால், இடது பக்கம், உள்ளங்கை அகலத்துக்குச் சூடாக ஒரு வீக்கம். விரலால் அழுத்தியதும் தோல் துடித்தது, முதுகைக் கீழே வளைத்து ஒடுங்கியது.

காரணம் அந்தச் சேணம். 'பலாண்' என்பார்கள். திமிலை நடுவில் விட்டு முன்னும் பின்னும் கவை போல நிற்கும் மரச்சட்டம், அடியில் வைக்கோலும் பழந்துணியும் திணித்த மெத்தை. பாரம் இரண்டு பக்க விலாவின் மேல் உட்கார வேண்டும், முதுகெலும்பின் மேல் எதுவும் படக் கூடாது. தீபாவளிக்குக் கிளம்பும்போது அது பொருத்தமாகத்தான் இருந்தது. குளிர்காலத்து மஸ்தியில் திமிலும் முதுகுக் கொழுப்பும் வற்றியதும் சட்டம் நாலு விரல் கீழே இறங்கி, முன் கவை நேரே எலும்பின் மேல் உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் எழும்போது அத்தனை சுமையும் முன்னால் சரிந்து மோதியது அந்த இடத்தில்தான்.

தோல் இன்னும் கிழியவில்லை, அதுவரை பாக்கியம். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் அழுத்திய தோல் செத்து, காய்ந்து கறுத்து, அடியில் சீழ் கட்டியிருக்கும். ஈ மொய்த்துப் புழு வைத்து எலும்பு வரை போனால் மாதக்கணக்கில் ஆறாது. அன்றே சுமையை இரண்டு ஒட்டகங்களுக்குப் பிரித்தார்கள். ஈரத்துணி ஒற்றடம், முதுகில் கயிறுகூடப் படக் கூடாது என்று சொன்னேன். பலாணின் மெத்தையைப் பிரித்து, இரண்டு பக்கமும் கனமான உருளையாகத் திணித்து, கவையை மேலே தூக்க வைத்தோம். சுமை ஏற்றி எழுந்து நின்ற பிறகும் மரத்துக்கும் முதுகெலும்புக்கும் நடுவே விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும், அதுதான் கணக்கு.

ஆகவே அந்த வீடியோவைப் பார்க்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: அதில் நீங்கள் கேட்ட கத்தலை வைத்து அந்த ஆள் கொடுமைக்காரர் என்றும் சொல்ல முடியாது, ஒட்டகம் சுகமாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. எழுந்தபின் கத்தல் நின்றதா? ஒரே இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறதா? சேணத்தை இறக்கி அரை மணி கழித்து யாராவது கை வைத்துப் பார்த்தார்களா? இதையெல்லாம் கேட்டுவிட்டுத் திட்டுங்கள், உங்களோடு சேர்ந்து நானும் திட்டுகிறேன்.

ஜூன் கடைசியில் அந்த டாங் ஊருக்குத் திரும்பும் வழியில் மறுபடியும் பார்த்தேன். வீக்கம் இருந்த இடத்தில் முடி வெள்ளையாக முளைத்திருந்தது. காகி கயிற்றை எடுத்துக்கொண்டு போனார். இருபது அடி தூரத்திலேயே அது வாயைப் பிளந்து கத்தத் தொடங்கியது. படுத்தது, கத்தியது, கட்டில் ஏறியது, கத்தியது. எழுந்து நின்றது. காகி என்னைப் பார்த்தார், இரண்டு பேரும் பேசாமல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். சத்தம் இல்லை. தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி அசை போட ஆரம்பித்திருந்தது.