எங்கட மாமா நஞ்சு குடிக்கேல்லை

நேற்று அந்தப் பதிவைப் பாத்தவைக்கு நான் ஆரைப் பற்றிச் சொல்லுறன் எண்டு விளங்கும். பேர் சொல்ல மாட்டன். மாமா ஈரல் பழுதாகி ஆஸ்பத்திரியில கிடந்ததுக்கு அவர், "பனடோல் குடிச்சு ஆருக்கும் ஈரல் பழுதாகுமோ, வேணுமெண்டு குடிச்சிருக்கும்" எண்டு எழுதி, கீழ சிரிக்கிற பொம்மையும் போட்டிருந்தார். அதுக்கு எண்பது பேர் விருப்பம். அதில மூண்டு பேர் எங்கட சொந்தம்.

மாமா வேணுமெண்டு குடிக்கேல்லை. திரும்பவும் சொல்லுறன், வேணுமெண்டு குடிக்கேல்லை. அவர் ஒரே மருந்தை மூண்டு பேரில குடிச்சவர்.

திங்கள் வயலால வரேக்கை தடிமனும் காய்ச்சலும். ஓபிடியில குடுத்த வெள்ளைக் கடுதாசிப் பையில "2 × 3" எண்டு மட்டும் எழுதியிருந்தது. அது பரசிற்றமோல், பனடோல் எண்டு சொல்லுறதும் அதுதான். ஒரு குளிசை 500 மில்லிகிராம். நாளுக்கு ஆறு, அதாவது 3 கிராம். அதில பிழை இல்லை. மூக்கால ஓடுறது நிக்கேல்லை எண்டு சந்திக் கடையில தடிமன் குளிசை வாங்கி மூண்டு வேளையும் ஒண்டு போட்டவர். அதுக்குள்ளயும் 500 பரசிற்றமோல் இருக்கு. இரவில நித்திரை வரேல்லை எண்டு கனடா மச்சாள் பார்சலில அனுப்பின இரவுக் குளிசையில ரெண்டு. அதில அசெட்டமினோஃபென் எண்டு போட்டிருக்கும். அங்க அதுக்கு அந்தப் பேர், சாமான் ஒண்டுதான். ரெண்டுக்கும் இன்னொரு 1 கிராம்.

கூட்டிப் பாருங்கோ. நாளுக்கு ஐஞ்சரைக் கிராம். நல்ல உடம்புக்காரருக்கே 24 மணித்தியாலத்துக்கு 4 கிராம்தான் எல்லை, அதாவது எட்டுக் குளிசை. மாமா 48 கிலோ. அவருக்கு எட்டும் கூட. அதோட நாலு நாளா கஞ்சித்தண்ணிதான். பரசிற்றமோலை ஈரல் உடைக்கேக்கை கொஞ்சம் நஞ்சா மாறும். அதை அடக்க ஈரலிட்ட குளுட்டத்தயோன் எண்டு ஒரு சாமான் இருக்கு. சாப்பாடு இல்லாட்டி அந்த இருப்புக் குறையும். இருப்பு முடிய, நஞ்சு ஈரலையே தின்னும்.

"ஒரேயடியாக் குடிச்சாத்தானே ஆபத்து" எண்டு ஒரு அண்ணை அங்க வகுப்பெடுத்திருந்தார். அண்ணை, நாளுக்கு நாள் கொஞ்சங் கொஞ்சமாக் கூடக் குடிக்கிறது அதைவிடக் கள்ளத்தனமானது. மொத்தமாக் குடிச்ச ஆளை அண்டைக்கே தூக்கிக்கொண்டு ஓடுவினம். மாமாக்கு வியாழன் இரவு சத்தி வந்தது. காய்ச்சல் சத்தி எண்டு நினைச்சு, உடம்பு நோவுக்கு இன்னும் ரெண்டு போட்டவர்! வெள்ளி வலப்பக்க விலாவுக்குக் கீழ நோ. சனி கண் மஞ்சளாகேக்கைதான் நாங்கள் ஓடினம். பிந்தித்தான் ஓடினம், அது எங்கட பிழை. மஞ்சளைப் பாக்குமட்டும் இருக்கக் கூடாது.

வாட்டில அந்தச் சின்ன டொக்டர் பிள்ளை மாமி கொண்டுபோன சொப்பிங் பையைக் கட்டிலில கொட்டினது. ஓபிடிப் பை, கடைக் கார்ட், கனடாப் போத்தில், மூண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு, கார்ட்டிலயும் போத்திலிலயும் ஒவ்வொரு சொல்லைப் பேனையால கீறிக் காட்டிச்சுது. மாமி பாத்துக்கொண்டே நிண்டவ. ரத்தத்தில மருந்து எவ்வளவு நிக்குது எண்டதை மட்டும் வைச்சு இதைத் தீர்மானிக்கேலாதாம். பல நாளாக் குடிச்சா அது குறைவாயும் காட்டுமாம், ஈரலின்ரை ரத்தச் சோதனையைப் பாக்க வேணுமாம். சேலைனோட அசெட்டைல்சிஸ்டீன் ஏத்திச்சினம். நஞ்சை முறிக்கிற அந்த மருந்து முதல் எட்டு மணித்தியாலத்துக்குள்ள குடுத்தாத்தான் நல்லா வேலை செய்யுமாம். நாங்கள் போனது ஆறாம் நாள். எண்டாலும் பிந்தினாலும் குடுப்பினமாம். குடுத்தவை. தப்பினார்.

இப்ப "அப்ப பனடோல் வேண்டாமோ, டெங்குக்கு வேப்பிலையோ" எண்டு ஒருத்தர் வருவார். தெரியும். டெங்குக் காய்ச்சலுக்குப் பரசிற்றமோல்தான், இபுப்ரோபன் போட்டால் ரத்தம் கசியிற ஆபத்து. நான் மருந்து கூடாதெண்டு சொல்லேல்லை. ஒரு மருந்து ஒரு பேரில போதும் எண்டுறன். பெட்டியைத் திருப்பி உள்ள என்ன கிடக்கெண்டு பாருங்கோ, விளங்காட்டி பார்மசியில கேளுங்கோ எண்டுறன். "படிக்காத சனம் எப்பிடிப் பாக்கும்" எண்டு கேட்டால், அது நியாயமான கேள்விதான். பேரில்லாத கடுதாசிப் பையில மருந்து குடுத்தால் படிச்ச சனமும் எப்பிடிப் பாக்கும்?

"கள்ளும் போட்டிருப்பார்" எண்டும் ஒரு கொமன்ட். மாமா பத்து வருசமாத் தொடுறேல்லை. தொட்டிருந்தாத்தான் என்ன, கள்ளுக் குடிச்சவன்ரை ஈரல் ஈரல் இல்லையோ? வேணுமெண்டே ஒருத்தர் குடிச்சிருந்தாலும் அதில சிரிக்க என்ன கிடக்கு? இந்த மண்ணில அப்பிடிப் போன எத்தினை பேரைத் தூக்கினாங்கள் எண்டு அந்தப் பொம்மை போட்டவருக்குத் தெரியாதோ?

மாமா வீட்டை வந்து ஒம்பது நாள். முந்தநாள் பால் வாங்கப் போன இடத்தில ஒருத்தர் தோளில கை வைச்சு, "இப்ப மனசு சரியோ, இனி அப்பிடி யோசிக்காதை" எண்டவராம். பால் வாங்காமல் திரும்பி வந்திட்டார். இப்ப கடைக்கு மாமிதான் போறா.