ஐந்தாவது பாரைக் கேளுங்கள்

"இரண்டாவது பாரிலேயே D7 வந்துவிடுகிறது. அப்படியானால் இது 12 பார் புளூஸ் இல்லையா?"

12 பார் புளூஸ்தான், தம்பி. கல்லடியில் என்னிடம் கிற்றார் பழகும் பிள்ளைகளும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். D7 கேட்டதுமே ஐந்தாவது பார் வந்துவிட்டதென்று எண்ணிக்கையை விட்டுவிடுகிறார்கள். A சுருதியில் வழக்கமான வடிவத்தை மேலேயும் நீங்கள் கேட்டதைக் கீழேயுமாக, ஒரு பாருக்கு ஒரு கோர்ட் என்று எழுதிப் பாருங்கள்:

```
A7 A7 A7 A7 | D7 D7 A7 A7 | E7 D7 A7 E7
A7 D7 A7 A7 | D7 D7 A7 A7 | E7 D7 A7 E7
```

மாறியிருப்பது ஒரே ஒரு பார். அந்த D7 ஒரு பார் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு A7-க்குத் திரும்பிவிடுகிறது. ஐந்தாவது பாரில் வரும் D7 இரண்டு பார் தங்கும். இதுதான் அடையாளம்.

காதுக்கு இன்னொரு பிடி இருக்கிறது. A7-இல் உள்ள C#, D7 வரும்போது அரைச்சுரம் இறங்கி C ஆகும். அந்த இறக்கத்தை மெல்லப் பாடிப் பழகுங்கள். பாஸ் கிற்றார் தெளிவாகக் கேட்காத பழைய ஒலிப்பதிவிலும் மாற்றம் பிடிபடும்.

ஜாஸ் வாசிப்பவர்கள் ஒன்பதாவது, பத்தாவது பார்களில் E7, D7-க்குப் பதிலாக Bm7, E7 வைப்பதுண்டு. அப்போதும் ஐந்தாவது பாரில் D7 வந்து நிற்கும். எண்ணிக்கை தவறினால் அங்கிருந்து மீண்டும் தொடங்குங்கள்.