தினமும் 9 கிலோ

போன வாரம் மஸ்கெலியாவில் சித்தப்பா வீட்டில் இருந்தபோது ஒரு பேச்சு வந்தது. அங்கே கொஞ்சம் சத்தமாகவே சண்டை போட்டுவிட்டேன். அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

சித்தப்பா தோட்டத்திலிருந்து பென்சன் எடுத்தபிறகு நீர்த்தேக்கத்தில் வலை போடுகிறார். அவர்கள் பக்கத்துக் கரையில் நாலு போட். நாலு பேருக்கும் ஒரே முதலாளி அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். போட்டுக்கும் வலைக்குமான அந்தக் கடனுக்கு ஈடாக, ஒவ்வொரு போட்டும் நாளுக்கு 9 கிலோ திலாப்பியா கொடுக்க வேண்டும். மீன் குறைகிறதே, கொஞ்சம் பார்த்துப் பிடியுங்கள் என்றதற்குச் சித்தப்பா சொன்ன பதில் இதுதான்: "எங்கப்பா குறையுது? அஞ்சு வருஷத்துக்கு முன்னயும் ஒம்பது கிலோதான், நேத்தும் ஒம்பது கிலோதான். மீன் இல்லாமயா கெடைக்குது?"

கேட்பதற்கு நியாயமான பதில். ஆனால் தினமும் ஒரே அளவு மீன் கிடைப்பதை வைத்துத் தண்ணீருக்குள் எவ்வளவு மீன் இருக்கிறது என்று சொல்லவே முடியாது. நான் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறவன். இதை ஒரு இருபடிச் சமன்பாட்டை வைத்தே காட்டலாம்.

ஒரு சிறிய நீர்த்தேக்கத்தை வைத்துக்கொள்வோம். அளவுகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. யாரும் பிடிக்காமல் விட்டால் அதில் 80 தொன் திலாப்பியா நிற்கும். அதற்கு மேல் இரையும் இடமும் போதாது, பிறக்கிறதும் சாகிறதும் சமமாகிவிடும். மீன் குறைவாகவும் இரை தாராளமாகவும் இருந்தால், இருக்கிற மீனில் பாதி அளவு வருஷத்துக்குக் கூடும் என்று எடுப்போம். அப்போது ஒரு வருஷத்தில் மீன் மாறுகிற வேகம் இது:

```
dN/dt = 0.5 N (1 - N/80) - H
```

N தண்ணீரில் இருக்கிற மீன், தொன்னில். H நாம் வருஷத்துக்குப் பிடிக்கிறது. முதல் பகுதி இயற்கை தருகிற வரவு, கடைசிப் பகுதி நம் செலவு.

வரவை மட்டும் முதலில் பாருங்கள். 80 தொன் நிறைந்திருக்கும்போது வரவு பூச்சியம். 60 தொன் இருந்தால் வருஷத்துக்கு 7.5 தொன் கூடும். 40 தொன்னில் 10. அதற்குக் கீழே 20 தொன்னில் மறுபடியும் 7.5, ஏனென்றால் இரை நிறைய இருந்தாலும் குஞ்சு போட மீன் போதாது. ஆக இந்த நீர்த்தேக்கம் தரக்கூடிய உச்ச வரவு 10 தொன். அதுவும் மீன் சரியாகப் பாதியாக, 40 தொன்னாக இருக்கும்போது மட்டும்தான். நிலையாக எடுக்கக்கூடிய அதிகபட்சப் பிடி என்று மீன்பிடி நூல்கள் சொல்வது இதைத்தான்.

இப்போது நாலு போட், வருஷத்தில் 300 நாள் தொழில். ஒரு போட்டுக்கு 7 கிலோ என்றால் வருஷத்துக்கு 8.4 தொன். 8 கிலோ என்றால் 9.6 தொன். சித்தப்பா கணக்கில் 9 கிலோ என்றால் 10.8 தொன். உச்ச வரவைவிட 0.8 தொன்தான் அதிகம், ஒரு போட்டுக்கு நாளைக்கு முக்கால் கிலோ கூட வராது.

7 கிலோவிலிருந்து தொடங்குவோம். வரவும் செலவும் 8.4 தொன்னில் சமமாக வேண்டும் என்று சமன்பாட்டைத் தீர்த்தால் இரண்டு மூலங்கள் வரும்: 56, 24. வகுப்பில் பிள்ளைகள் இரண்டையும் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். இந்த இரண்டு எண்ணும் ஒரே குணமுள்ளவை அல்ல. மீன் 56 தொன்னுக்கு மேலே போனால் வரவு குறைந்து இறங்கும், கீழே வந்தால் வரவு கூடி ஏறும். கொஞ்சம் எந்தப் பக்கம் தள்ளினாலும் 56-க்கே திரும்பி வரும். 24 நேர்மாறானது. 24-க்குக் கொஞ்சம் மேலே இருந்தால் மீன் மெல்ல மெல்ல 56-க்கு ஏறிவிடும். கொஞ்சம் கீழே விழுந்தால், அதே 7 கிலோவைத் தொடர்ந்து எடுக்கும்வரை, பூச்சியத்துக்குத்தான் போகும். 24 தொன் என்பது சரிவின் விளிம்பு. தண்ணீரில் அதற்கு எந்த அடையாளமும் கிடையாது.

8 கிலோவுக்குக் கூட்டினால் மூலங்கள் 48, 32 ஆகின்றன. நல்ல நிலை கீழே இறங்குகிறது, விளிம்பு மேலே ஏறி வருகிறது. சரியாக 10 தொன் எடுத்தால் இரண்டும் 40-இல் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் ஒரே ஒரு மோசமான வருஷம் போதும். 9 கிலோவில் மெய் மூலமே இல்லை. எத்தனை தொன் இருந்தாலும் செலவு வரவைவிடக் கூடத்தான். முடிவு ஒன்றே ஒன்று, எப்போது என்பதுதான் கேள்வி.

அந்த "எப்போது" தான் சித்தப்பாவை ஏமாற்றுகிறது. 80 தொன்னிலிருந்து தொடங்கி, 9 கிலோ கணக்கில் வருஷம் வருஷமாகப் போட்டுப் பார்த்தேன். 10ஆம் வருஷம் 46 தொன் இருக்கிறது. 20ஆம் வருஷம் 37.5. பத்து வருஷத்தில் எட்டரைத் தொன்தான் குறைந்திருக்கிறது, வருஷத்துக்கு ஒரு தொன் கூட இல்லை. 40-ஐச் சுற்றி வரவு உச்சத்தில் இருப்பதால் இழப்பு மிகச் சிறியதாகத் தெரிகிறது. பார்க்கிறவனுக்கு இது நிலையான குளம் என்றே தோன்றும். 30ஆம் வருஷம் 26 தொன். அதற்குப் பிறகு வருகிற எண்களைப் பாருங்கள்: 24, 21, 18, 15, 10, 3.5. 37ஆம் வருஷம் பிடிக்க மீன் இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் நகராமல் இருந்த மாதிரி இருந்தது, கடைசி ஆறேழு வருஷத்தில் மொத்தமாகப் போய்விடுகிறது. அதுவரைக்கும் பிடி அதே 9 கிலோதான்.

இதில் என்னை உண்மையிலேயே கலங்க வைத்தது ஒரு சிறிய விஷயம். 30ஆம் வருஷம் விழித்துக்கொண்டு 7 கிலோவுக்குக் குறைத்தால், மீன் 26 தொன்னில் இருப்பதால், 24-க்கு மேலே நின்று மெல்ல மீண்டுவிடும். 31ஆம் வருஷம் குறைத்தால் 23.8 தொன். விளிம்புக்குக் கீழே. அதே 7 கிலோ, அதே நல்ல எண்ணம், ஒரு வருஷப் பிந்தல், குளம் போய்விடுகிறது.

நம் மலைநாட்டில் இதற்கு மேல் ஒன்று இருக்கிறது: மின்சாரத்துக்குக் கட்டிய அணைகள். பெப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் இறங்குவதை மவுசாக்கலை நீர்த்தேக்கத்துப் பக்கம் இருக்கிற எல்லோரும் பார்த்திருக்கிறோம். வறட்சி கடுமையானால் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயிலும் பள்ளிவாசலும் வெளியே வந்து, ஆட்கள் பார்க்கப் போவார்கள். திலாப்பியா கூடு தோண்டுவது கரையோர ஆழமில்லாத மண்ணில். தண்ணீர் வேகமாக இறங்கினால் அந்தக் கூடுகள் காய்ந்துபோகும். மிஞ்சிய மீனெல்லாம் சின்ன இடத்தில் நெருங்குவதால் வலைக்கு நன்றாக மாட்டும். அந்த மாதங்களில் சித்தப்பாவுக்கு 9 கிலோ காலை எட்டு மணிக்கே நிறைந்துவிடும். மீன் பெருகிவிட்டது என்று நினைக்க வைக்கிற அந்த நாட்கள்தான் உண்மையில் மிக ஆபத்தானவை.

அப்படி ஒரு வறட்சிக்குப் பிறகு 22 தொன் மிஞ்சியது என்று வைப்போம். 7 கிலோ கணக்கில் தொடர்ந்தால் வரவு ஏறக்குறைய 8 தொன், செலவு 8.4. வருஷத்துக்கு அரைத் தொன்னுக்கும் குறைவான இழப்புதான், ஆனால் போகப்போக வளரும். ஒரே ஒரு வருஷம் வலை போடாமல் விட்டால் மீன் 30 தொன்னுக்கு ஏறும். அப்புறம் 7 கிலோவில் தொடங்கினால் விளிம்பு 24, தப்பிவிடும். விட்டதைப் பிடிப்போம் என்று 8 கிலோவில் தொடங்கினால் விளிம்பு 32. மூடிய ஒரு வருஷமும் வீண்.

ஆகவே என் சண்டை சித்தப்பாவோடு இல்லை, அந்த நிலையான கிலோ என்கிற ஏற்பாட்டோடுதான். அட்வான்ஸ் கொடுத்த முதலாளி ஒவ்வொரு நாளும் ஒரே எடையைக் கேட்பதால்தான் H மாறாத எண்ணாகிறது. மீன் குறைந்தாலும் அதே 9 கிலோவை நிரப்ப வலையைக் கூட்டவும், இரவெல்லாம் தண்ணீரில் கிடக்கவும் அந்த மனிதர்கள் தள்ளப்படுகிறார்கள். இதற்குப் பதிலாக, இருக்கிற மீனில் ஒரு பங்கு என்று பிடித்தால் கதையே வேறு. நாலில் ஒரு பங்கு எடுங்கள். 40 தொன் இருந்தால் 10 தொன், அதே உச்சப் பிடி. வறட்சியில் 22 ஆனால் பிடி தானாக 5.5-க்கு இறங்கும், வரவு 8. யாரும் உத்தரவு போடாமலே குளம் மீளும். நடைமுறையில் இதன் பொருள், எடையைக் கட்டாமல் போட்டின் எண்ணிக்கை, வலையின் நீளம், தொழில் நாட்கள் ஆகியவற்றைக் கட்டுவது. அட்வான்ஸும் பிடியில் இவ்வளவு பங்கு என்று கழிய வேண்டும்.

பெரிய கடலிலும் இது நடந்திருக்கிறது. பெரு நாட்டுக் கரையில் நெத்திலி இனத்து மீன் 1970இல் 1 கோடியே 20 லட்சம் தொன்னுக்கு மேல் பிடிபட்டது. 1972இல் எல் நீனோ வந்து கடல் சூடானது. 1973இல் பிடி 20 லட்சம் தொன்னுக்கும் கீழே போய்விட்டது. அளவுக்கு மேல் பிடித்ததும் கெட்ட வருஷமும் சேர்ந்து வந்தன.

இந்தக் கணக்கு எல்லா மீனுக்கும் பொருந்தாது. கட்லா, ரோகு மாதிரி ஓடுகிற நீர் இல்லாமல் குஞ்சு போடாத மீன்கள் வருஷா வருஷம் விட்டு வளர்ப்பவை, அவற்றின் வரவு விடுகிற குஞ்சைப் பொறுத்தது. நம் குளிரில் திலாப்பியாவே தாழ்நாட்டுக் குளங்களைவிட மெதுவாகத்தான் பெருகும். அதாவது நான் எடுத்த 0.5 இங்கே இன்னும் சிறியதாக இருக்கலாம், உச்ச வரவும் அதே விகிதத்தில் குறையும். உண்மையான 80-உம் 0.5-உம் எவ்வளவு என்று அறிய, பிடித்த எடையோடு அதற்குச் செலவான உழைப்பும் பல வருஷத்துக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும். 1954இல் ஷேஃபர் என்ற மீன்வள அறிஞர் காட்டிய வழி அதுதான்.

சித்தப்பாவுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எத்தனை வலை, எத்தனை மணி நேரம், தண்ணீர் எவ்வளவு உயரம், பெரிய மீன் எத்தனை, கையளவு மீன் எத்தனை. எடை எழுத வேண்டியதில்லை, அது 9 என்று எனக்குத் தெரியும். முதல் நாள் எழுதிவிட்டு இரவு போன் எடுத்தார். அஞ்சு வருஷத்துக்கு முன்பு மூணு வலையில் 9 கிலோ நிறைந்ததாம். இப்போது ஏழு வலை போடுகிறாராம். "இத நான் யோசிக்கவே இல்ல தம்பி" என்றார்.